உண்ணி கொத்தும் பறவை எப்போது புண்ணைக் கொத்தும்?

யாழ்ப்பாணத்துத் தரவைகளில் மாடுகள் மேயும்போது வெள்ளைக் கொக்குகள் கூடவே நடப்பதைக் கண்டிருப்போம். உண்ணிக்கொக்கு என்பது அதன் பெயர். ஆனால் அது தின்பவற்றில் உண்ணி சிறு பங்குதான். மாடு கால் வைக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளிகளுக்காகவே அது பின்தொடர்கிறது. மாட்டின் முதுகில் ஏறி நின்று கொத்துவது பெரும்பாலும் காகமும் மைனாவும்தான். அவை கொத்துவது உண்ணியையா, புண்ணையா என்பது மாடு வளர்ப்பவருக்கு முக்கியமான கேள்வி.

இதே கேள்வி ஆபிரிக்காவில் ஒரு பறவையைப் பற்றி எழுந்தது. அங்கு எருமை, காண்டாமிருகம், மாடு ஆகியவற்றின் உடலிலேயே நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் உண்ணிகொத்திப் பறவைகள் இரண்டு இனங்கள் உள்ளன. ஒன்றுக்குச் சிவப்பு அலகு, மற்றதற்கு மஞ்சள் அலகு. உண்ணியைத் தின்று மிருகத்துக்கு உதவுவதாகவே பாடப்புத்தகங்கள் இவற்றைக் காட்டி வந்தன.

போல் வீக்ஸ் என்ற ஆய்வாளர் இதனைச் சிம்பாப்வேயில் சோதித்தார். எருதுகளில் ஒரு பகுதியிடம் பறவைகளை அண்டவிடாமல் தடுத்தார். மற்றவற்றை அப்படியே விட்டார். 2000 ஆம் ஆண்டில் வெளியான முடிவு பலரையும் வியக்க வைத்தது. பறவைகள் வராத எருதுகளில் வளர்ந்த உண்ணிகள் கூடவில்லை. மாறாக, அவற்றின் புண்கள் விரைவாக ஆறின. பறவைகள் வந்த எருதுகளிலோ புண்கள் ஆறாமல் இருந்தன. பறவைகள் அவற்றைக் கொத்தி இரத்தம் குடித்தன. காதுக்குள் இருக்கும் மெழுகையும் தின்றன.

அதற்காக இப்பறவையை வெறும் திருடன் என்று சொல்லிவிடவும் முடியாது. தென்னாபிரிக்காவில் கறுப்புக் காண்டாமிருகங்கள் குறித்து 2020 இல் வெளியான ஆய்வின்படி, முதுகில் இப்பறவை இருந்தபோது மனிதர் நெருங்குவதை அவை கூடுதலாகக் கண்டுகொண்டன. பறவை எழுப்பும் எச்சரிக்கை ஒலியே காரணம். அதே பறவை அதே காண்டாமிருகத்தின் புண்ணையும் கொத்துகிறது.

ஏமாற்று எப்போது கட்டுப்படும்? இதற்குத் தெளிவான விடை கடலில் கிடைத்தது. இலங்கையைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளிலும் வாழும் துப்புரவு மீன் ஒரு விரல் நீளமே உடையது. நீல உடலில் கறுப்புக் கோடு ஓடும். அது பாறையில் ஓரிடத்தில் நிலையாக இருக்கும். கலவாய், கிளிமீன் போன்றவை அதனைத் தேடி வந்து, வாயையும் செவுளையும் திறந்து காத்து நிற்கும். இரத்தம் உறிஞ்சும் சிறு ஒட்டுண்ணிகளை அது பொறுக்கித் தின்னும்.

ஆனால் அதற்கு உண்மையில் பிடித்தது ஒட்டுண்ணி அல்ல, மீனின் தோலை மூடியிருக்கும் வழுவழுப்பான சளி. அதனைக் கடித்தால் வந்த மீன் சட்டென்று துள்ளும். கடித்ததை அறிய ஆய்வாளர்கள் பார்ப்பது இந்தத் துள்ளலைத்தான்.

கடிபட்ட மீனுக்கு வழிகள் உண்டு. பல இடங்களுக்கு நீந்தித் திரியும் மீன் அடுத்த துப்புரவு மீனிடம் போய்விடும். ஓரிடத்திலேயே வாழும் மீன் திரும்பித் துரத்தும். காத்திருக்கும் மீன்கள் இதைப் பார்த்தால் அந்தத் துப்புரவு மீனைத் தவிர்க்கும். மற்ற மீன்களைத் தின்னும் கலவாய் போன்றவற்றைத் துப்புரவு மீன் கடிப்பது மிகக் குறைவு.

ரெடுவான் பிஷாரி, லெக்சா குரட்டர் ஆகியோர் இதனைத் தொட்டியில் தட்டுகள் வைத்துச் சோதித்தனர். தட்டில் துப்புரவு மீன் விரும்பும் இறாலும், அவ்வளவாக விரும்பாத மீன் உணவும் இருந்தன. இறாலைத் தின்றவுடன் தட்டு எடுக்கப்பட்டது. விரைவிலேயே துப்புரவு மீன், ஆசைக்கு மாறாக, மற்ற உணவை முதலில் தின்னப் பழகியது. தண்டனை உண்டு என்றால் நேர்மையும் வருகிறது.

உண்ணிகொத்தியிடம் குறைவது இந்தத் தண்டனைதான். எருது தலையை உதறலாம், வாலால் அடிக்கலாம். பறவை சற்றுப் பறந்து மீண்டும் முதுகிலேயே இறங்கும். வேறு பறவையைத் தேடிப் போக எருதால் முடியாது.

கயிற்றில் கட்டிய எம் மாட்டின் நிலை இதைவிட மோசம். அதனால் விலகவே முடியாது. எனவே பார்க்க வேண்டியவர் வளர்ப்பவரே. காகம் காது, கழுத்து, வயிற்றடி என்று இடம் மாறிக் கொத்தினால், மாடும் அசையாமல் நின்றால், அது உண்ணியைத் தேடுகிறது எனலாம். ஒரே இடத்தையே திரும்பத் திரும்பக் கொத்தி, மாடு ஒவ்வொரு முறையும் தோலைச் சிலிர்த்து உதறினால், அங்கு புண் இருக்கிறது. முன்தினம் காய்ந்திருந்த புண்ணில் மறுநாள் புது இரத்தம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். திறந்த புண்ணில் இலையான் மொய்த்துப் புழு வைக்கும். அப்படியான மாட்டைப் புண் ஆறும்வரை பகலில் கூரையுள்ள கொட்டிலில் கட்டி, கால்நடை வைத்தியரிடம் மருந்து கேட்பதே நல்லது. உண்ணியை நீக்கும் வேலையையும் காகத்திடம் விட்டுவிட முடியாது.