காசை ஒருவரும் எடுக்கவில்லை, ஆனாலும் நட்டம்: டொலர் வருமதியும் சென்மதியும் ஆண்டு இறுதியில் மாறுவது எப்படி?

2022 ஓகஸ்ட் மாதம் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு மகளிர் உற்பத்தியாளர் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி ஆகியவற்றைப் பொதி செய்து கனடாவுக்கு அனுப்பும் சங்கம் அது. இடம்பெயர்வில் வங்கிப் புத்தகத்தையும் நகையையும் ஒன்றாக இழந்தவர்கள்தான் அங்கத்தவர்களில் அதிகம். கணக்கில் ஒரு தொகை குறைந்தால் அவர்களுக்கு முதலில் வரும் கேள்வி, யார் எடுத்தது என்பதுதான்.

அன்றும் அதே கேள்விதான் வந்தது. மார்ச் 31 உடன் முடிந்த நிதியாண்டில் 310,000 ரூபா இலாபம் என்று ஏப்ரலில் செயலாளர் சொல்லியிருந்தார். கூட்டத்தில் வாசித்த கணக்கிலோ 70,000 ரூபா நட்டம். "வங்கியில முந்தியதை விடக் காசு கூட இருக்கு. பிறகெப்பிடி நட்டம்? இடையில நாலு இலட்சம் எங்க போனது?" என்று ஒரு அக்கா எழும்பிக் கேட்டார். பொருளாளர் அழத் தொடங்கிவிட்டார். அவர் ஒரு சதமும் எடுக்கவில்லை. ஆனால் எடுக்கவில்லை என்று விளக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் சங்கத்தின் பேரேட்டை முன்னால் வைத்து, கணக்காய்வாளர் எங்களுக்குச் சொல்லித் தந்ததை இங்கே எழுதுகிறேன். கணக்குப் பார்க்க இலகுவாக இருக்கட்டும் என்று தொகைகளையும் நாணயமாற்று வீதங்களையும் முழு எண்களாக்கியிருக்கிறேன்.

அந்த மார்ச்சில் நடந்தது

2021 இறுதியில் ஒரு அமெரிக்க டொலர் ஏறக்குறைய 200 ரூபாவில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. 2022 மார்ச் 7 ஆம் திகதி மத்திய வங்கி அந்தப் பிடியைத் தளர்த்தியது. அந்த மாதம் முடிவதற்குள் டொலர் 300 ரூபாவை நெருங்கிவிட்டது. பெரும்பாலான சங்கங்களும் கம்பனிகளும் கணக்கை முடிக்கும் நாளும் மார்ச் 31 தான்.

அன்றைக்குச் சங்கத்தின் கணக்கில் மூன்று டொலர் விடயங்கள் இருந்தன. மூன்றும் டொலர் 200 ரூபாவாக இருந்தபோது பதியப்பட்டவை.

முதலாவது வருமதி. ஜனவரியில் கனடாவில் உள்ள ஒரு கடைக்குப் பொருள் அனுப்பியதற்கு 6,000 டொலர் வரவேண்டும். பேரேட்டில் அது 1,200,000 ரூபா.

இரண்டாவது சென்மதி. பெப்ரவரியில் இந்தியாவிலிருந்து பொதி செய்யும் இயந்திரமும் பைகளும் கடனுக்கு வாங்கியதற்கு 10,000 டொலர் கொடுக்கவேண்டும். பேரேட்டில் அது 2,000,000 ரூபா.

மூன்றாவது முற்கொடுப்பனவு. அச்சடித்த லேபல்களுக்காக 1,000 டொலரை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். பேரேட்டில் அது 200,000 ரூபா.

எதை மாற்றுவது, எதை விடுவது

இலங்கைக் கணக்கீட்டு நியமம் 21 இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது. வெளிநாட்டு நாணயத்தில் வரவேண்டிய, கொடுக்கவேண்டிய பணத்தை ஐந்தொகைத் திகதியில் உள்ள வீதத்துக்கு மாற்றி எழுதவேண்டும். அதனால் வரும் வித்தியாசம் அந்த ஆண்டின் இலாப நட்டத்துக்குப் போகும். பணமாக அல்லாமல் பொருளாகவோ சேவையாகவோ வர இருப்பதை மாற்றக்கூடாது.

இதைக் கணக்காய்வாளர் ஒரே கேள்வியாகச் சுருக்கினார்: "இது முடியும்போது டொலர் கைமாறுமா?"

கனடாக் கடையிலிருந்து டொலர் வரும். ஆகவே வருமதியை மாற்றவேண்டும். இந்திய நிறுவனத்துக்கு டொலர் போகும். ஆகவே சென்மதியையும் மாற்றவேண்டும். லேபலுக்கான டொலர் ஏற்கனவே போய்விட்டது, இனி வரப்போவது லேபல். டொலர் எவ்வளவு ஏறினாலும் அது 200,000 ரூபாவிலேயே நிற்கும். லேபல்காரர் ஓடரை இரத்துச் செய்து டொலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டால் மட்டும் அது வருமதியாகி, மாற்றவேண்டியதாகிவிடும்.

இயந்திரம் பற்றிச் சங்கத்தில் ஒரு குழப்பம் இருந்தது. அதன் விலை 8,000 டொலர், வாங்கிய நாளில் 1,600,000 ரூபா. கடன் ஏறினால் இயந்திரத்தின் பெறுமதியும் ஏறத்தானே வேண்டும் என்று செயலாளர் கேட்டார். ஏறாது. இயந்திரம் வாங்கிய நாளின் ரூபாப் பெறுமதியிலேயே இருக்கும். அதை வாங்கப் பட்ட கடன் மட்டுமே மாறும். நட்டத்தை மறைக்க இயந்திரத்தின் விலையைக் கூட்டி எழுதுவது பலர் விடும் பிழை.

மார்ச் 31 கணக்கு

அன்றைய வீதம் 295 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வங்கிகளுக்கு வாங்கும் வீதம், விற்கும் வீதம் என இரண்டு உண்டு. எந்த வீதத்தை எடுப்பது என்று முதலே தீர்மானித்து ஒவ்வொரு ஆண்டும் அதையே பின்பற்றவேண்டும். இலாபம் கூட வரும் வீதத்தை ஆண்டுக்கு ஆண்டு தேடி எடுக்கக்கூடாது.

வருமதி: 6,000 × 295 = 1,770,000 ரூபா. முன்பு இருந்தது 1,200,000. வித்தியாசமான 570,000 ரூபா இலாபம்.

சென்மதி: 10,000 × 295 = 2,950,000 ரூபா. முன்பு இருந்தது 2,000,000. வித்தியாசமான 950,000 ரூபா நட்டம்.

ஏட்டில் எழுதும் பதிவு இது:

கடன்பட்டோர் கணக்கு, வரவு 570,000
நாணயமாற்று இலாப நட்டக் கணக்கு, செலவு 570,000

நாணயமாற்று இலாப நட்டக் கணக்கு, வரவு 950,000
கடன்கொடுத்தோர் கணக்கு, செலவு 950,000

இரண்டையும் சேர்த்தால் தேறிய நட்டம் 380,000 ரூபா. ஏப்ரலில் செயலாளர் சொன்ன 310,000 ரூபா இலாபத்திலிருந்து இதைக் கழித்தால் 70,000 ரூபா நட்டம். அந்த அக்கா கேட்ட "நாலு இலட்சம்" இதுதான். அது எவருடைய கைக்கும் போகவில்லை. கடன் டொலரில் கூடவில்லை. அதே 10,000 டொலரை அன்று அடைக்க வேண்டிய ரூபா கூடிவிட்டது. வரவேண்டிய டொலரை விடக் கொடுக்கவேண்டிய டொலர் 4,000 அதிகம். ஒவ்வொரு டொலருக்கும் 95 ரூபா ஏற்றம். 4,000 × 95 என்றால் அதே 380,000 ரூபா.

வங்கியில் காசு கூடியது ஏன்?

கனடாக் கடை 2022 ஜூனில் 6,000 டொலரையும் அனுப்பியது. அப்போது வீதம் 360. வங்கிக்கு 2,160,000 ரூபா வந்தது. கூட்டத்தில் அங்கத்தவர்கள் பார்த்தது இந்தக் காசைத்தான். ஆனால் இது அடுத்த நிதியாண்டின் வரவு.

"ஜூனில 360 எண்டு தெரிஞ்ச பிறகும் ஏன் 295 போட்டனீங்கள்?" என்று ஒருவர் கேட்டார். மார்ச் 31 கணக்கு அன்றைய நிலைமையைச் சொல்லவேண்டும். அதற்குப் பின் வீதம் மாறியது பின்னைய நிகழ்வு. அது பெரிதாக இருந்தால் கணக்கின் கீழ் ஒரு குறிப்பாக எழுதவேண்டும், தொகைகளைத் திருத்தமுடியாது.

இங்கேதான் இன்னொரு பிழை காத்திருக்கிறது. ஜூனில் வந்த 2,160,000 ரூபாவைப் பழைய 1,200,000 உடன் ஒப்பிட்டால் இலாபம் 960,000 என்று வரும். ஆனால் அதில் 570,000 ஏற்கனவே மார்ச்சில் எழுதப்பட்டுவிட்டது. மாற்றி எழுதிய 1,770,000 உடன்தான் ஒப்பிடவேண்டும். அப்படிப் பார்த்தால் புதிய ஆண்டின் இலாபம் 390,000 மட்டும். சில கணனி மென்பொருட்கள் மார்ச் 31 பதிவை ஏப்ரல் 1 இல் தாமாகவே திருப்பி எழுதும். அப்படியென்றால் பழைய தொகையோடு ஒப்பிடுவது சரி. மென்பொருள் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று தெரியாமல் பதிந்தால் ஒரே இலாபம் இரண்டு தடவை வரும்.

கடன் தீரும் வரை

இந்திய நிறுவனத்துக்கு 2022 ஜூனில் 4,000 டொலரைக் கொடுத்தார்கள். 360 ரூபா வீதத்தில் 1,440,000 ரூபா போனது. கணக்கில் அது 1,180,000 ஆக இருந்தது. நட்டம் 260,000.

மிகுதி 6,000 டொலர் 2023 மார்ச் 31 வரை நின்றது. அன்றைய வீதத்தை 325 என்று எடுத்தால் 1,950,000 ரூபா. முந்திய ஆண்டில் அதை 1,770,000 என்று எழுதியிருந்தார்கள். இந்த ஆண்டுக்கு நட்டம் 180,000.

2023 ஜூனில் ரூபா கொஞ்சம் தேறி, டொலர் 300 அளவுக்கு இறங்கியபோது முழுவதையும் கட்டினார்கள். போனது 1,800,000 ரூபா. கணக்கில் இருந்த 1,950,000 உடன் பார்த்தால் 150,000 ரூபா இலாபம்.

இப்போது எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். 950,000, 260,000, 180,000 ஆகிய நட்டங்களிலிருந்து 150,000 இலாபத்தைக் கழித்தால் 1,240,000. மறுபக்கம் அந்தக் கடனுக்காகக் கையிலிருந்து போனது மொத்தம் 3,240,000 ரூபா. முதலில் பதிந்தது 2,000,000. வித்தியாசம் அதே 1,240,000. ஆண்டு இறுதி மாற்றம் புதிதாக ஒரு நட்டத்தை உண்டாக்குவதில்லை. நடந்த நட்டத்தை அது நடந்த ஆண்டில் வைக்கிறது.

அந்த மாற்றத்தை எழுதாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? 310,000 ரூபா இலாபம் என்று நம்பி அதில் ஒரு பங்கை அங்கத்தவர்களுக்குப் பிரித்திருப்பார்கள். பிறகு கடனைக் கட்ட வேறு இடத்தில் கடன்பட வேண்டி வந்திருக்கும். டொலர் வருமதி மட்டும் உள்ள ஒரு சங்கத்துக்கு மறுபக்க ஆபத்து உண்டு. அதன் கணக்கில் பெரிய இலாபம் தெரியும், ஆனால் காசு இன்னும் கடலுக்கு அப்பால் இருக்கும். அந்த இலாபத்தை இலாபமென்று எழுதலாம். காசு வந்து சேருமுன் பங்கிடுவதுதான் ஆபத்து.

அங்கத்தவர் எதைக் கேட்டுப் பார்க்கலாம்?

கணக்கியல் படிக்காத ஒருவரும் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வருமதிக்கும் சென்மதிக்கும் டொலர் தொகையையும் ஐந்தொகையில் உள்ள ரூபாத் தொகையையும் கேளுங்கள். ரூபாவை டொலரால் பிரியுங்கள். 1,770,000 ஐ 6,000 ஆல் பிரித்தால் 295. 2,950,000 ஐ 10,000 ஆல் பிரித்தாலும் 295. எல்லாவற்றுக்கும் ஆண்டு இறுதி வீதமே விடையாக வந்தால் மாற்றம் சரியாகச் செய்யப்பட்டிருக்கிறது. ஒன்றுக்கு 200 என்று வந்தால், அது முற்கொடுப்பனவா அல்லது மாற்ற மறந்த கடனா என்று கேட்கவேண்டும்.

அந்தச் சங்கத்தில் இப்போது ஒவ்வொரு மார்ச் 31 உம் ஒரு தாளை அறிவித்தல் பலகையில் ஒட்டுகிறார்கள். யார், எத்தனை டொலர், பழைய ரூபா, இன்றைய வீதம், புதிய ரூபா என்று ஐந்து நிரல்கள். பொருளாளராக இன்றும் அதே அக்காதான் இருக்கிறார். தாளில் கடைசிப் பிரித்தல் கணக்கை அவர் தான் போடுவதில்லை. கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவரிடம் கல்குலேட்டரைக் கொடுத்துப் போடச் சொல்கிறார்.