மண்டிப் பட்டியல்

கமிஷன் மண்டியில் விளைபொருள் விற்றபின் விவசாயிக்குத் தரப்படும் கணக்குச் சீட்டு. மூட்டை எண்ணிக்கை, எடை, விலை, மொத்தத் தொகை ஆகியவை முதலில் வரும். தரகு, இறக்குகூலி, எடைக்கூலி, லாரி வாடகை, முன்பணம் ஆகிய பிடித்தங்கள் அதன்கீழ் வரும்.

ஒரு மாதிரிக் கணக்கு: சின்ன வெங்காயம் 20 மூட்டை, மொத்த எடை 1,020 கிலோ. சாக்குக்கு மூட்டைக்கு 1 கிலோ கழித்தால் 1,000 கிலோ. கிலோ 30 ரூபாய் வீதம் 30,000 ரூபாய். தரகு நூற்றுக்குப் பத்து என்றால் 3,000 போகும். மூட்டைக்கு இறக்குகூலி 10 ரூபாய், எடைக்கூலி 5 ரூபாய் என 300, வாடகை 1,000. கைக்கு வருவது 25,700. முன்பணம் வாங்கியிருந்தால் அதுவும் கழியும்.

விவசாயிகள் பெரும்பாலும் கூலிக்குத்தான் சண்டை போடுவார்கள். ஆனால் ஏமாற்று நடப்பது எடையில். மூட்டைக்கு 2 கிலோ கழித்து 980 கிலோ என்று மட்டும் எழுதினால் மொத்தத் தொகையில் 600 ரூபாய் குறையும். கூலி இரண்டையும் சேர்த்ததைப்போல் இருமடங்கு. அது பிடித்தங்களில் எங்கும் தெரியாது. கழிவுக்கு முந்தைய எடை சீட்டில் இல்லையென்றால் எடைச்சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

தமிழக அரசின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விற்பவரிடம் தரகு பிடிப்பதில்லை. சந்தைக் கட்டணத்தை வாங்குபவரே கட்டுகிறார்.