ஒருமுனைப் பேச்சு: புலம்பெயர் தொழிலாளியின் தொலைபேசி அழைப்பும் குறும்பட மொழியும்

வெளிநாட்டில் வேலை செய்யும் ஒருவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவதை மட்டுமே பொருளாகக் கொண்ட குறும்படங்களில் வசனம் குறைவாகவும் காட்சி அமைதியாகவும் இருப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி போதிய அளவு எழுப்பப்படுவதில்லை. இயக்குநர் மேலிருந்து பூசும் மௌனம் படத்தை உணர்ச்சிப் பொதுமையில் நிறுத்திவிடும். பேசுபவர் எதையோ மறைப்பதால் பிறக்கும் மௌனமே கதையை நகர்த்தும். ஆகவே, இத்தகைய படத்தில் அழைப்பின் ஒரு முனையை மட்டும் காட்டுவதும், பேச்சு மறைப்பதைக் காட்சி ஏந்துவதும் அழகியல் விருப்பங்கள் அல்ல, கதையின் கட்டாயங்கள் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒரு முனையின் மரபு

தொலைபேசி உரையாடலைத் திரையில் காட்டத் தொடக்க காலம் முதலே இரு வழிகள் உள்ளன. லோயிஸ் வெபரின் ‘சஸ்பென்ஸ்’ (1913) திரையை முக்கோணங்களாகப் பிரித்து, பேசும் மனைவியையும் கேட்கும் கணவனையும் ஒரே நேரத்தில் காட்டியது. ஆபத்தை இருவரும் பார்வையாளரும் ஒருங்கே அறிவதில் பிறக்கும் பதற்றம் அது. இதற்கு மாறாக, ழான் காக்தோவின் 1930ஆம் ஆண்டு நாடகத்தைத் தழுவி ரோசெல்லினி எடுத்த பகுதி (‘லாமோரே’, 1948) ஒரு பெண்ணையும் அவள் கையிலிருக்கும் தொலைபேசியையும் விட்டு விலகவில்லை. இங்கே பார்வையாளர் மறுமுனையைத் தாமே ஊகித்து நிரப்ப வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இந்த இரண்டாம் வழி புதிதன்று. அகப்பாடல் ஒருவர் கூற்றாகவே அமைகிறது. கேட்பவர் உண்டு, அவர் மறுமொழி பாடலில் இல்லை. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவற்றோடு எச்சம், முன்னம் என்பவற்றையும் செய்யுளின் உறுப்புகளாக எண்ணுகிறது. சொல்லாலோ குறிப்பாலோ கேட்பவர் நிறைவு செய்ய வேண்டியதாக நிற்பது எச்சம். யார், யாரிடம், எந்த இடத்தில் பேசுகிறார் என்பதைக் கூற்றே உணர்த்திவிடுவது முன்னம். பொருள் தேடிப் பிரிந்தவனின் பேச்சைக் குறும்படமாக்குபவருக்கு இவ்விரண்டும் நேரடியாகக் கைகொடுக்கும் கருவிகள்.

ஒரு காட்சியை வகுத்துப் பார்த்தல்

இதை விளக்க ஒரு கற்பனைத் திரைக்கதையை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் கட்டுமான வேலை செய்யும் ஒருவர், தொழிலாளர் விடுதியின் அடுக்குக் கட்டிலில் அமர்ந்து, அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்திலிருக்கும் மனைவியை அழைக்கிறார். வலக்கை விரல்களில் கட்டு. அவருடைய வேலை அனுமதி முதலாளியோடு பிணைந்தது. காயம் நீடித்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் அவருக்கு உண்டு. ஆனால் படத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை.

முதலில் வரும் கேள்வி எல்லா வீட்டிலும் வருவது: “சாப்பிட்டீங்களா?” அவர், “இப்பத்தான் சாப்பிட்டேன்” என்கிறார். கேமரா அவர் முகத்தில் இல்லை. பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்ட சோற்றுப் பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. ஒரு கையால் அந்த ரப்பர் பேண்டைக் கழற்ற முடியவில்லை. பொய், அதன் காரணம், காயத்தின் அளவு மூன்றும் ஒரே ஷாட்டில் வந்துவிடுகின்றன. இதே இடத்தில் அவர் சன்னல் வழியே வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருந்தால் அது எந்தப் பிரிவுக்கும் பொருந்தும் படமாகியிருக்கும். அமைதியான காட்சிக்கும் வெற்றுக் காட்சிக்கும் வேறுபாடு இங்கேதான்: முன்னது ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடை சொல்கிறது.

இரண்டாவது திருப்பம் இக்காலத்துக்கே உரியது. இன்று எல்லோரிடமும் வீடியோ அழைப்பு இருக்கும்போது இவர் ஏன் குரல் அழைப்பில் பேசுகிறார்? பல படங்கள் இக்கேள்வியைத் தாண்டிப்போகின்றன. இங்கே அதுவே கதை. “வீடியோல வாங்களேன், பாப்பா பாக்கணுங்கிறா” என்கிறாள் மனைவி. “இங்க நெட்டு சரியில்ல” என்பது அவர் பதில். அவள் விடவில்லை. கடைசியில் அவர் கைபேசியை இடக்கையில் உயர்த்தி, முகமும் மார்பும் மட்டும் தெரியுமாறு பிடித்து, கட்டுப்போட்ட கையைச் சட்டகத்துக்குக் கீழே இறக்கிக்கொள்கிறார். வீட்டுக்கு எது தெரிய வேண்டும் என்று சட்டகம் போடுபவர் இப்போது அவரே. நம் கேமராவோ அந்தச் சிறு சட்டகத்துக்கு வெளியே நின்று அவர் விலக்கியதைக் காட்டுகிறது. வீட்டுக்கு ஒருபோதும் வெட்டிச் செல்லக் கூடாது என்பதற்கான வலுவான காரணம் இதுதான். வெட்டினால் இரு சட்டகங்களுக்கும் இடையிலுள்ள முரண் கலைந்துவிடும்.

ஒலியின் நேர்மை

வீட்டைக் காட்டாததால் அதன் முழு இருப்பும் ஒலியில்தான் இருக்கிறது. சிங்கப்பூர் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. விடுதியில் இரவு 9.30 ஆகும்போது ஊரில் 7 மணி. இங்கே மற்றவர்கள் படுக்கத் தயாராகிறார்கள், அங்கே தொலைக்காட்சித் தொடரும் பிள்ளையின் பாடம் ஒப்பித்தலும் கேட்கின்றன. இந்த நேர இடைவெளியை எந்த வசனமும் விளக்க வேண்டியதில்லை.

இங்கே அடிக்கடி நேரும் பிழை, மறுமுனைக் குரலைப் பின்னர் டப்பிங்கில் பதிந்து, பழைய தொலைபேசி போல வடிகட்டிச் சேர்ப்பது. மரபான தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே கடத்தியது. இணைய அழைப்பு பெரும்பாலும் அதைவிடத் தெளிவானது. அதன் குறை வேறு விதம்: சொல் நடுவில் விட்டுப்போகும், பதில் தாமதமாகும், இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி நிறுத்துவார்கள். இதைப் பெற எளிய வழி, மனைவியாக நடிப்பவரை வேறோர் இடத்தில் அமர்த்தி உண்மையான அழைப்பிலேயே பேசவைத்து, இரு முனைகளையும் தனித்தனியே பதிவதுதான். படப்பிடிப்பிடத்தின் வெற்றொலியையும் ஒரு நிமிடமாவது தனியே பதிந்துகொள்ள வேண்டும். விசிறியும் அடுத்த கட்டிலின் முணுமுணுப்பும் இல்லாத மௌனம், ஒலித்தடம் அறுந்துபோனதாகவே கேட்கும்.

ஷான்டல் அக்கர்மனின் ‘நியூஸ் ஃப்ரம் ஹோம்’ (1976) காட்டப்படாத வீடு ஒலியிலேயே இருக்க முடியும் என்பதற்குத் துணைநிற்கும் சான்று. தாய் எழுதிய கடிதங்களை அக்கர்மன் நியூயார்க் தெருக்காட்சிகளின் மேல் படிக்கிறார். வாகன இரைச்சல் சில இடங்களில் அந்தக் குரலை விழுங்கிவிடுகிறது. தாய் திரையில் வருவதே இல்லை. தொலைவை நாம் காதால் அளக்கிறோம்.

ஒரு மறுப்பும் விடையும்

ஒருமுனைக் காட்சி வீட்டிலிருக்கும் பெண்ணை வெறும் குரலாகச் சுருக்கிவிடும், உழைப்பும் துயரமும் ஆணுக்கே உரியவையாகிவிடும் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. வீட்டுக்கு ஒரு ஷாட் வெட்டிக் கண்ணீரைக் காட்டுவது அதற்கு விடையாகாது. அறிவை அவளிடம் தருவதே விடை. நம் திரைக்கதையில் அவர் சட்டைப் பொத்தான்கள் முதல் ஷாட்டிலிருந்தே ஒன்று மாறி ஒன்று போடப்பட்டிருக்கின்றன. இடக்கையால் போட்டவை. நாம் அதைப் பார்த்தும் படித்திருக்க மாட்டோம். வீடியோ வந்ததும் அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இந்த மாசச் சீட்டுப் பணத்த நான் பாத்துக்கிறேங்க” என்கிறாள். காயத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் மறைத்ததை அவள் அறிந்துவிட்டாள், அறிந்ததை அவளும் மறைக்கிறாள். எச்சத்தை நிறைவு செய்பவள் அவள்தான். நாம் அவளுக்குப் பின்னால் வருகிறோம்.

இதிலிருந்து எழுத்துமுறை ஒன்றும் பெறப்படுகிறது. உரையாடலை முதலில் இரு முனையிலும் முழுமையாக எழுத வேண்டும். ஒருவருக்கொருவர் ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லும் வரிகளை முதலில் அடிக்க வேண்டும்; “நான் இங்க வந்து மூணு வருஷம் ஆச்சு” என்று எந்தக் கணவனும் மனைவியிடம் தகவலாகச் சொல்வதில்லை. அடுத்து, காட்சி ஏந்தக்கூடிய வரிகளை அடிக்க வேண்டும். தொகுப்பு முடிந்ததும் படத்தை ஒருமுறை ஒலியில்லாமலும் ஒருமுறை படமில்லாமலும் ஓட்டிப் பார்க்கலாம். இரண்டில் எது தனியாகவே முழுக்கதையையும் சொல்லிவிடுகிறதோ, அங்கே மற்றது மிகை. ஒலி மட்டும் கேட்பவருக்கு நலமாக இருக்கும் குடும்பமும், படம் மட்டும் பார்ப்பவருக்குக் காயம்பட்ட தனியாளும் கிடைத்தால் சிக்கனம் சரியான இடத்தில் நிகழ்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். அந்த இரண்டும் மோதும் இடத்தில்தான் புலம்பெயர் உழைப்பின் விலை பார்வையாளருக்குப் புலப்படுகிறது.