காலடியில் நிற்கும் மகுடம்

மூதூர் இறங்குதுறையில் நின்று வடக்கே பார்த்தால் கொட்டியாரக் குடாவின் நீர் விரிகிறது. அதற்கு அப்பால், கடலுக்குள் முகம் நீட்டி நிற்கும் பாறைதான் கோணேசர் கோயில் கொண்ட சுவாமிமலை. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய திருக்கோணமலைப் பதிகம் அந்தப் பாறையைப் பற்றியது. அவர் இராமேசுவரத்தில் இருந்தபடியே அதைப் பாடினார் என்கிறது மரபு. மூன்றாம் திருமுறையில் 123ஆம் பதிகமாக அது அமைந்திருக்கிறது. அதன் பண் புறநீர்மை. அந்தப் பாட்டுகளை ஓதுபவர்கள் ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே தொடருக்கு வந்து சேர்கிறார்கள். கோணமாமலையில் அமர்ந்தவர் இவர் என்று இறைவனைச் சுட்டும் தொடர் அது. பாட்டுக்குப் பாட்டு மாறாமல் வரும் இப்படிப்பட்ட ஈற்றுத் தொடருக்குத் தமிழில் மகுடம் என்று பெயர்.

மகுடம் தலையில் சூடுவது. பாட்டிலோ அது கடைசி அடியின் கடைசியில் கிடக்கிறது. காலடியில் கிடப்பதற்கு ஏன் கிரீடத்தின் பெயர்?

வடமொழியில் இச்சொல் மகுட, முகுட என்று இரண்டு வடிவங்களில் வழங்குகிறது. தமிழில் அதே பொருளுக்கு உரிய சொல் முடி. அரசன் சூடுவதும் முடி, தலைமயிரும் முடி. அதுவே வினையானால் முடிச்சிடுவதையும் நிறைவு பெறுவதையும் குறிக்கும். மாலை தொடுப்பவர் கடைசியில் நாரை முடிகிறார், பாடுபவர் கடைசி அடியில் பாட்டை முடிக்கிறார். முடிகிற இடத்தில் இருப்பதை முடி என்று எண்ணிய மனம், அதற்கு ஈடான மகுடத்தைப் பாட்டின் ஈற்றுக்கும் சூட்டியிருக்கலாம். நூறு பாட்டும் ஒரே விளியில் முடியும் சதகங்களைப் பதிப்பித்தவர்கள் இச்சொல்லைத் தாராளமாக எழுதினார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம் வேறு, அது தோற்கருவி.

திரும்பத் திரும்ப வருவதெல்லாம் மகுடம் ஆகிவிடாது. கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்குவார்கள். கயிற்றை எல்லாரும் ஒன்றாக இழுக்க வேண்டிய நொடியில் அந்த ஏலேலோ விழும், அதனால் அதன் இடத்தைக் கைதான் தீர்மானிக்கிறது. கீர்த்தனையில் வரும் பல்லவி தலையிலேயே தொடங்கிவிடும், சரணம் முடிந்தபின் பாடுபவர் அதற்குத் திரும்பிப் போவார். தளிர் என்னும் பொருளுள்ள வடசொல்லிலிருந்து வந்த பெயர் அது. கண்ணிகளில் கடைசிச் சொல் மட்டும் திரும்ப வரும். தாயுமானவரின் பராபரக்கண்ணி 389 கண்ணியும் அப்படித்தான், குணங்குடி மஸ்தான் சாகிபின் ரகுமான் கண்ணியும் அப்படித்தான். பதிகத்து மகுடம் இவற்றைவிடப் பெரியது, அது ஏறக்குறைய அரையடியை நிறைக்கிறது. அவ்வளவு பெரிய ஒன்று மாறாமல் நிற்கும்போது மற்ற அடிகள் என்ன ஆகின்றன என்பதைப் பாட்டை அடி அடியாகப் பிரித்து வரைந்தால்தான் காண முடியும்.

வரையத் தொடங்கும்போது முதலில் ஏமாற்றுவது அச்சுப் புத்தகம். பல பதிப்புகளில் ஒவ்வொரு பாட்டும் எட்டு வரியாக அச்சாகியிருக்கிறது. அதை எட்டடிப் பாட்டு என்று குறித்துக்கொண்டால் மகுடம் ஒரு முழு அடியாகத் தோன்றும், பிறகு வரைபடம் முழுவதும் தவறாகிவிடும். உண்மையில் இவை நான்கடிப் பாட்டுகள். ஓர் அடிக்கு ஏழு சீர். தாள் அகலம் போதாமல் அச்சகத்தார் அதை நான்கும் மூன்றுமாக உடைத்திருக்கிறார்கள். எதுகையைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். அடி தொடங்கும் இடங்களில் இரண்டாம் எழுத்து ஒத்து வர வேண்டும். அச்சில் முதல், மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வரிகளில் மட்டும் அது ஒத்து வருகிறது, இடையில் உள்ள வரிகளில் வருவதில்லை. ஆகவே இடை வரிகள் புதிய அடிகள் அல்ல, முன் வரியின் தொடர்ச்சிதான்.

சொல்லை எண்ணிச் சீரைக் கணக்கிடுவதும் சரிவராது. ஒரு சொல் இரண்டு சீருக்கு நடுவே உடைந்து நிற்கும். மகுடத்திலேயே அமர்ந்தார் என்னும் சொல் அப்படி முறிந்து, பாதி ஆறாம் சீரிலும் பாதி ஏழாம் சீரிலுமாகக் கிடக்கிறது.

நான்கடி, அடிக்கு ஏழு சீர் என்று கட்டம் போட்டுக்கொண்டால் மகுடத்தின் இடம் துல்லியமாகிவிடும். நான்காம் அடியின் ஐந்து, ஆறு, ஏழாம் சீர்கள் அதற்கு உரியவை. ஐந்தாம் சீர் 'கோ' என்று தொடங்குகிறது. ஏழு சீர் அடியில் முதற்சீரும் ஐந்தாம் சீரும் மோனையால் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதே அழகு. கோவுக்கு மோனையாக வரக்கூடியவை கு, கூ, கொ, கோ. அப்படியானால் நான்காம் அடி தொடங்க வேண்டிய எழுத்தை மகுடம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது என்றாகிறது. அது உண்மையா என்று பார்க்க, ஒவ்வொரு பாட்டிலும் நான்கு அடிகளின் முதல் இரண்டு எழுத்துகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும்.

முதற்பாட்டு நிரை, வரை, கரை, குரை என்று இறங்குகிறது. இரண்டாவது கடி, பிடி, கொடி, குடி. மூன்றாவது பனி, கனி, தனி, குனி. நான்காம் அடியின் எழுத்துகளை மட்டும் கீழ்நோக்கிப் படித்துக்கொண்டே போனால் குரை, குடி, குனி, கொழி, கோயி, குரு, கொடு, குரு, குன்று என்று வரும். ஒன்பது பாட்டில் ஒன்பதிலும் நான்காம் அடி கு, கொ, கோ என்ற மூன்றில் ஒன்றில்தான் தொடங்குகிறது. ஒன்றுகூட விலகவில்லை. நான்காம் அடியின் தலையெழுத்து தீர்மானமானதும் மற்ற மூன்று அடிகளும் அதற்கு எதுகையாக அமைந்தாக வேண்டும். கேட்பவருக்குப் பாட்டு மேலிருந்து கீழே வருகிறது. கட்டுமானமோ கீழே இருக்கும் மகுடத்திலிருந்து மேலே ஏறுகிறது.

ஆறாம் பாட்டில் இது இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. அங்கே முதல் மூன்று அடிகளின் தலையில் பரி, திரி, விரி என்று வருகிறது, நான்காம் அடியில் மட்டும் குரு. ரகர வரிசை ஒன்றுதான், உயிர் மாறியிருக்கிறது. இலக்கணம் இதை வருக்க எதுகை என்று ஏற்றுக்கொள்கிறது. 'குரி' என்று தொடங்கி அந்த இடத்தில் பொருந்தும் சொல் கிடைப்பது அரிது. அந்தப் பாட்டின் பின்பாதியில் ஒரு பூங்காவே விரிகிறது. மௌவல், மாதவி, புன்னை, வேங்கை, செருந்தி, செண்பகம் என்று வந்து, குருந்தும் முல்லையும் நான்காம் அடியில் பூக்கின்றன. அடியின் தலையில் நிற்பது குருந்த மரம். கடற்கரைச் சோலையில் அது வளர்ந்திருந்திருக்கலாம். ஆனால் சரியாக அந்த இடத்தில் வந்து நிற்பதற்கு மகுடத்தின் கோ என்னும் எழுத்தும் ஒரு காரணம்.

கடைசிப் பாட்டு வேறு வகை. பாடியவர் தம் பெயரையும் ஊரையும் பாட்டின் பயனையும் சொல்லும் அதற்குத் திருக்கடைக்காப்பு என்று பெயர். அதன் நான்காம் அடி 'சு' என்று தொடங்குகிறது, ஈற்றில் மகுடமும் இல்லை. முதல் அடிக்குப் போனால் அங்கே ஐந்து, ஆறு, ஏழாம் சீர்களில், 'அமர்ந்தாரை' என்று இரண்டாம் வேற்றுமை ஏற்று, அதே தொடர் உட்கார்ந்திருக்கிறது. அந்த அடியின் முதல் எழுத்து கு. மகுடம் நான்காம் அடியிலிருந்து முதலடிக்கு ஏறியபோது தன் மோனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. ஒன்பது பாட்டாகக் காலடியில் நின்றது, பாடியவர் தம் பெயர் சொல்லும் இடத்தில் தலைக்கு வந்துவிட்டது.

வரைபடம் காட்டும் இன்னொன்று ஒரு வெற்றிடம். சம்பந்தர் பதிகங்களுக்குப் பெரும்பாலும் மாறாத ஓர் அடுக்கு உண்டு. எட்டாம் பாட்டில் கயிலையை எடுத்த இராவணன், ஒன்பதாவதில் திருமாலும் பிரமனும், பத்தாவதில் சமணரும் பௌத்தரும், பதினொன்றாவது திருக்கடைக்காப்பு. கோணமலைப் பதிகத்தில் இராவணன் பெயர் சொல்லப்படவில்லை. எடுத்தவன் செருக்கை விரலால் அடக்கியவர் என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. பாறையில் ஒரு பிளவுக்கு இராவணன் வெட்டு என்றே பெயர் வைத்திருக்கும் திருகோணமலைக்காரருக்கு அந்தக் குறிப்பே போதும். ஆனால் நம் கைக்கு வந்திருப்பவற்றை எண்ணினால் அந்தப் பாட்டு ஏழாவதாகத்தான் வருகிறது. திருக்கடைக்காப்பையும் சேர்த்து மொத்தம் பத்துப் பாட்டே இருக்கின்றன.

பாடியவரே ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறார். தாம் தொடுத்த மாலை ஈரைந்து என்கிறார், அதாவது பத்து. திருக்கடைக்காப்பை விட்டுவிட்டு எண்ணுவதே இந்தக் கணக்கின் வழக்கம். அப்படி எண்ணினால் இன்று ஒன்பதுதான் தேறும். இராவணன் இடமும் ஈரைந்து என்ற எண்ணும் தனித்தனியே ஒரே முடிவைச் சொல்கின்றன: ஒரு பாட்டு அழிந்துபோயிற்று. பதிப்புகள் ஏழாம் எண்ணுக்கு நேரே இடம் விட்டிருக்கின்றன.

அது ஏழாவதுதானா என்று அறுதியிட்டுச் சொல்ல வரைபடத்தால் முடியாது. முதல் ஏழு இடங்களுக்குக் கட்டாயமான வரிசை இல்லாததால், காணாமற்போனது மூன்றாவதாகவோ ஐந்தாவதாகவோ கூட இருந்திருக்கலாம். ஆனால் எந்த இடத்தில் இருந்திருந்தாலும் அந்தப் பாட்டைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல முடிகிறது. அதற்கு நான்கு அடி, இருபத்தெட்டுச் சீர். நான்காம் அடி தொடங்கிய எழுத்து பெரும்பாலும் கு, கூ, கொ, கோ ஆகியவற்றில் ஒன்று. மற்ற மூன்று அடிகளும் அதற்கு எதுகையாகத் தொடங்கியிருக்கும். கடைசி மூன்று சீர்களில் கோணமாமலையில் அமர்ந்தவர் இருந்திருப்பார். மிச்சம் இருபத்தைந்து சீர்களும் போய்விட்டன, மகுடம் மட்டும் கிடைத்திருக்கிறது.