அச்சமும் அணங்கும்: ருடால்ஃப் ஓட்டோவின் புனிதக் கோட்பாடும் தருமபுரி நடுகற்களும்

தகடூர் நாடு எனப் பழம்பெயர் கொண்ட தருமபுரி மாவட்டம், தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கும் நிலப்பகுதிகளுள் ஒன்றாகும். வட்டெழுத்துப் பொறிக்கப்பட்ட கற்கள் பல இப்பகுதியிலும் இதனை அடுத்த செங்கம் பகுதியிலும் கண்டறியப்பட்டு, 1970களில் இரா. நாகசாமியின் முயற்சியால் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறையின் வெளியீடுகளாக வந்தன. அரசியல் வரலாற்றுக்கும் எழுத்து வளர்ச்சிக்கும் இக்கற்கள் தரும் சான்றுகள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. சமயவியலின் அடிப்படை வினா ஒன்றிற்கும் இவை சான்றாவதைப் பலர் கருதவில்லை. ஒரு பொருள் எவ்வாறு புனிதமாகிறது என்பதே அவ்வினா. மனிதன் அதன்முன் அடையும் தனித்த உணர்வினாலா, அவன் அதற்குச் செய்யும் செயல்களினாலா?

முதல் விடைக்கு இருபதாம் நூற்றாண்டில் வலுவான வடிவம் தந்தவர் செருமானிய இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ (1869–1937). அவருடைய ‘புனிதம்’ என்னும் நூல் 1917இல் செருமானிய மொழியிலும் 1923இல் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் வெளிவந்தது.

ஓட்டோவின் வாதம்

‘புனிதம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நல்லொழுக்கம், தூய்மை, முழுநிறைவு ஆகியவற்றையே நாம் எண்ணுகிறோம். இவை பின்னர் வந்து சேர்ந்த பொருள்கள் என்பது ஓட்டோவின் கருத்து. அறம் சார்ந்த பொருளை நீக்கிய பின்னும் அச்சொல்லில் ஓர் எச்சம் நிற்கிறது. அதற்குப் பெயர் இல்லாமையால், தெய்வ ஆற்றலைக் குறிக்கும் ‘நூமென்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து ‘நூமினஸ்’ என்ற புதுச்சொல்லை அவர் ஆக்கினார்.

இவ்வெச்சத்தை வரையறுக்க இயலாது, எழுப்பிக் காட்டவே இயலும் என்றார். அதன் முன்னிலையில் மனிதன் நடுங்குகிறான், அதன் பேராற்றலுக்குமுன் தன்னை மண்ணும் சாம்பலுமாக உணர்கிறான், ஆயினும் அதனாலேயே ஈர்க்கப்படுகிறான். நடுக்கமும் ஈர்ப்பும் ஒருங்கே தரும் மறைபொருள் என இதனைச் சுருக்கலாம். இந்நடுக்கம் புலியைக் கண்ட அச்சத்தின் மிகுதிப்பாடு அன்று என்பது அவருடைய வாதத்தின் உயிர்நிலை. இயற்கை அச்சம் எவ்வளவு பெருகினும் தெய்வ நடுக்கமாகாது. இரண்டும் அளவால் அன்றி வகையால் வேறுபட்டவை. இத்தகைய உணர்வைத் தம் வாழ்வில் நினைவுகூர இயலாதவர் மேலே படிக்க வேண்டா என்று நூலின் தொடக்கத்திலேயே அவர் கூறிவிடுகிறார்.

இக்கருத்து தனித்துத் தோன்றியதன்று. மெலனீசியத் தீவினரின் ‘மானா’ என்னும் ஆற்றல் குறித்து 1891இல் காட்ரிங்டன் எழுதியதும், கடவுள் என்ற கருத்தைவிடப் புனிதம் என்பதே சமயத்திற்கு அடிப்படையானது என 1913இல் சுவீடனைச் சேர்ந்த நாதன் சோடர்புளோம் வாதிட்டதும் இதற்கு வழி அமைத்தன. பின்னர் 1933இல் வெளிவந்த வான் டெர் லேயுவின் சமய நிகழ்வியல் நூல் ‘ஆற்றல்’ என்பதையே தன் தொடக்கப் புள்ளியாகக் கொண்டது.

தமிழாய்வில் இதனோடு உறவுடைய கருத்தொன்று 1970களில் எழுந்தது. சங்க இலக்கியத்தின் ‘அணங்கு’ என்பது பெண்ணிடத்தும் மன்னனிடத்தும் முரசிடத்தும் நடுகல்லிடத்தும் உறையும் கேடுதரவல்ல புனித ஆற்றல் என ஜார்ஜ் ஹார்ட் விளக்கினார். கட்டுக்குள் வைக்கப்பட வேண்டிய ஆற்றல் அது என்பதனால், அதனைக் கையாள்வோரின் சமூக நிலையையும் அவர் இதன்வழி விளக்க முற்பட்டார்.

தொல்காப்பியத்தில் அச்சம்

ஓட்டோவின் வேறுபாட்டைத் தமிழ் மரபில் சோதிக்கப் பொருத்தமான இடம் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலாகும். அச்சம் தோன்றும் நிலைக்களன்கள் நான்கு என அது வகுக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. தெய்வ நடுக்கத்திற்குரிய அணங்கு, காட்டு விலங்கோடும் வழிப்பறிக் கள்வரோடும் அரசனோடும் ஒரே வரிசையில் நிற்கிறது. ஓட்டோ எந்த எல்லையைக் கடக்கலாகாது என்றாரோ, அந்த எல்லையே இங்கு வரையப்படவில்லை. மருட்கையும் அவ்வாறே. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன அதன் நிலைக்களன்கள். ஓட்டோ வியப்பைத் தெய்வ உணர்வின் கூறாகக் கொள்கிறார். தொல்காப்பியத்திலோ சிறுமையும் வியப்பைப் பிறப்பிக்கும்.

இச்சான்றை அளவுக்கு மீறிப் பயன்படுத்தலாகாது. மெய்ப்பாட்டியல் உள்ளத்து உணர்வு புறத்தே புலப்படும் வகையைப் பேசுவதேயன்றிச் சமய அனுபவத்தின் இயல்பை ஆராயும் நூலன்று. புலிமுன் நடுங்குவதும் அணங்கின்முன் நடுங்குவதும் காண்பார்க்கு ஒன்றாகத் தோன்றுவதனால் உள்ளே இரண்டும் ஒன்றே என்று ஆகிவிடாது என ஓட்டோவின் சார்பில் விடை கூறலாம். ஆயினும், அந்த வேறுபாடு எல்லாப் பண்பாட்டினர்க்கும் தானே விளங்குவது என்ற அவருடைய எடுகோள் இங்கே தளர்கிறது.

‘அணங்கு’ என்ற சொல்லும் ஆற்றல் கோட்பாட்டிற்கு எளிதில் அடங்குவதன்று. வருத்துதல் என்ற வினையாகவும், வருத்தும் தெய்வமாகவும், வருத்தமாகவும் அது சங்கப் பாடல்களில் வழங்குகிறது. இவ்வழக்குகளை எல்லாம் பெண்ணிடத்து உறையும் புனித ஆற்றல் என்ற ஒரு பொருளுக்குள் குறுக்கியதை வி. எஸ். இராஜம் 1986இல் அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தின் இதழில் வெளிவந்த கட்டுரையில் மறுத்தார். ஒரு சொல்லைப் பொதுக்கோட்பாட்டின் பெயராக மாற்றும்போது அச்சொல்லின் சொந்த வரலாறு மறைந்துபோகிறது என்ற எச்சரிக்கை, ‘மானா’வுக்கும் பொருந்தும்.

கல் தெய்வமாகும் முறை

நடுகல்லுக்குத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் துறைகள் ஆறு: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். தகுந்த கல்லைத் தேடிக் காண்கின்றனர். அதனைக் கொணரத் தொடங்குகின்றனர். நீராட்டுகின்றனர். நடுகின்றனர். படையலிடுகின்றனர். இறுதியில் வாழ்த்துகின்றனர். இம்முறையில் காட்சி என்பது தெய்வத் தோற்றத்தைக் காண்பதன்று, கல்லைக் காண்பதே. நடுங்கச் செய்யும் தன்மை உடையது என்பதற்காகக் கல் தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஆறு செயல்களின் முடிவிலேயே அது வணக்கத்திற்குரியதாகிறது. புனிதம் பொருளில் முன்னரே உறைவதன்று, சடங்கு செலுத்தும் கவனத்தால் உண்டாக்கப்படுவது என 1987இல் ஜோனதன் ஸ்மித் வாதிட்டார். நடுகல்லின் ஆறு துறைகள் அவ்வாதத்திற்கு மிக அணுக்கமானவை.

கற்களில் உள்ள வாசகங்களும் இதனையே காட்டுகின்றன. இப்பகுதிக் கல்வெட்டுகளின் பொது அமைப்பு எளியது. ஆளும் அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் முதலில் வரும். அடுத்து வீரனின் தலைவனும் ஊரும் கூறப்படும். பின்னர்த் தொறு, அதாவது ஆநிரை, கவரப்பட்டபோதோ மீட்கப்பட்டபோதோ அவன் பட்டான் என்ற செய்தி வரும். ‘கல்’ என்ற சொல்லுடன் வாசகம் முடியும். அச்சத்தையோ ஆற்றலையோ குறிக்கும் சொல்லுக்கு இவ்வமைப்பில் இடமில்லை. யாருக்காக, யாருடைய ஆளாக, எந்த ஆண்டில் என்பனவே இடம்பெறுகின்றன. தனி மனித உணர்வைவிடக் குழுவின் கடமையும் நன்றியும் இங்கு முன்நிற்கின்றன. புனிதத்தைச் சமூகத்தின் படைப்பாகக் கண்ட துர்க்கைமின் பார்வை ஓட்டோவினுடையதைவிட இக்கற்களுக்குப் பொருந்துவதாகும்.

இலக்கியச் சான்று இன்னும் கூர்மையானது. தகடூர்த் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சியின் நடுகல்லை ஔவையார் பாடிய புறநானூற்றின் 232ஆம் பாடலில், மயிற்பீலி சூட்டிய கல்லுக்குச் சிறு கலத்தில் கள் படைக்கப்படுகிறது. மலையோடு கூடிய நாட்டையே கொடுப்பினும் கொள்ளாதவன் இச்சிறு கள்ளைக் கொள்வானோ என்று புலவர் கேட்கிறார். வழிபாடு நிகழும் இடத்திலேயே எழும் இக்குரலில் நடுக்கம் இல்லை. இழந்த நட்பின் துயரமும் சற்றே கசந்த நகையும் உண்டு. வழிபாட்டின் உள்ளே இத்தனை வகை உணர்வுகள் இடம்பெறும் எனின், அவற்றுள் ஒன்றை மட்டும் சமயத்தின் கருவாகப் பிரித்தெடுப்பதற்கு நியாயம் வேண்டும்.

எனினும் ஓட்டோவின் ஒரு கூற்றை நடுகற்கள் உறுதிப்படுத்துகின்றன. புனிதம் தொடக்கத்தில் அறத்தைச் சார்ந்ததன்று என்றார் அவர். ஆநிரை மீட்டு இறந்தவனுக்கு மட்டுமன்றி, பிறர் ஆநிரையைக் கவர்ந்து இறந்தவனுக்கும் கல் நடப்பட்டது. கவர்தலின் நன்மை தீமையைக் கல் வினவுவதில்லை. வணக்கத்திற்குரியவன் நல்லவனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இங்கில்லை.

உணர்வும் விளக்கமும்

ஓட்டோவின் நூலைப் படித்த மெய்யியலாளர் எட்மண்டு ஹுஸ்ஸர்ல் 1919இல் அவருக்கு எழுதிய கடிதத்தில், சமய உணர்வை ஆராயும் நிகழ்வியலின் முதல் தொடக்கம் எனப் பாராட்டினார். அதே கடிதத்தில், ஓட்டோவுக்குள் இருக்கும் இறையியலாளர் நிகழ்வியலாளரைத் தம் சிறகுகளில் தூக்கிச் சென்றுவிட்டார் என்றும் குறைகூறினார். உணர்வை விளக்குவதோடு நில்லாமல், அவ்வுணர்வு உண்மையான ஒரு பொருளைத் தொடுகிறது என்றும் ஓட்டோ உறுதிகூறியதே இக்குறையின் பொருள். 1985இல் வெய்ன் பிரவுட்ஃபுட் இன்னொரு பக்கத்திலிருந்து தாக்கினார். ஓர் உணர்வைத் தெய்வ நடுக்கம் என அடையாளம் காண்பதற்கே அவ்வுணர்வின் காரணம் பற்றிய ஒரு நம்பிக்கை தேவை. ஆகவே கருத்துகளுக்கு முற்பட்ட தூய உணர்வு என்பது கிடைப்பதற்கில்லை. உணராதவர் படிக்க வேண்டா என்ற ஓட்டோவின் வேண்டுகோள், மறுப்புக்கு இடமளிக்காத அரணாகவும் செயற்படுகிறது.

இன்றைய தருமபுரியில் இவ்விவாதத்தைக் கண்ணால் காணலாம். நடுகற்கள் பல வேடியப்பன் என்ற பெயரில் வழிபடப்படுகின்றன. கல்லில் எழுதப்பட்ட பெயர் எதுவாயினும், வழிபடுவோர்க்கு அவன் வேடியப்பனே. எண்ணெய் பூசி, மஞ்சள் குங்குமமிட்டுப் பொங்கலிடுகின்றனர். இக்கற்களின் உடன்பிறப்புகள் தருமபுரி நகரின் அகழ்வைப்பகத்தில் எண்ணிடப்பட்டு வரிசையாக நிற்கின்றன. உருவ அமைப்பில் இரண்டிற்கும் பெரிய வேறுபாடில்லை. ஒன்றின்முன் செருப்பைக் கழற்றுகின்றனர். மற்றொன்றின்முன் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு நகர்கின்றனர்.