தலைவனை அளந்த கட்டம்

ஒரு தொழிற்சாலையில் நான்கு போர்மன்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் இயந்திரம் ஒன்று பழுதாகி இரண்டு மணி நேர வேலை கெட்டுவிட்டது. அதே வேளையில் ஓர் ஆளுக்கு வீட்டில் குழந்தை சுகமில்லை.

முதல் போர்மன், "அதெல்லாம் எனக்குத் தெரியாது, மாலைக்குள் கணக்கு வந்தாக வேண்டும்" என்று சத்தம் போடுகிறார். இரண்டாமவர், "போகட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், யார் மனமும் நோகக் கூடாது" என்கிறார். மூன்றாமவர் இரண்டு பக்கத்திலும் சிறிது விட்டுக்கொடுத்துப் பாதிக் கணக்கோடு திருப்தி அடைகிறார். நான்காமவர் எல்லோரையும் கூட்டி, எந்த வேலையை முதலில் முடிப்பது, சுகமில்லாத குழந்தையின் தந்தையை அனுப்பிவிட்டு அவர் இடத்தை யார் பார்ப்பது என்று பேசி முடிவு செய்கிறார். இவர்களில் நல்ல தலைவர் யார் என்ற கேள்விக்கு விடை தேடிய கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஆராய்ச்சியாளர்கள் ஆளையே பார்த்தார்கள். தலைவனுக்கென்று பிறவிக் குணங்கள் உண்டு, அவற்றைக் கண்டுபிடித்துவிட்டால் தலைவனையும் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பினார்கள். உயரம், குரல், அறிவு, துணிச்சல் என்று பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. 1948-இல் ரால்ஃப் ஸ்டாக்டில் என்னும் அமெரிக்க அறிஞர் அதுவரை நடந்த 124 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். சில ஆய்வுகளில் தலைவர்கள் மற்றவர்களைவிட உயரமானவர்கள். வேறு சிலவற்றில் குள்ளமானவர்கள். அறிவு, பொறுப்புணர்ச்சி போன்ற சில குணங்கள் பொதுவாகத் தலைவர்களிடம் கூடுதலாக இருந்தது உண்மை. ஆனால் குணப் பட்டியலை வைத்துக்கொண்டு மட்டும் ஒருவரைத் தலைவர் என்று சொல்லிவிட முடியாது, இடத்துக்கும் சூழ்நிலைக்கும் ஏற்ப அது மாறுகிறது என்று அவர் முடிவு கூறினார்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஆள் எப்படிப்பட்டவர் என்பதை விட்டுவிட்டு, அவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்கலாம் என்று ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1945 முதல் ஒரு குழு வேலை செய்துவந்தது. தலைவர்கள் செய்யும் காரியங்களைப் பற்றி 1,800 வாக்கியங்களைத் திரட்டி, அவற்றை 150 ஆகச் சுருக்கினார்கள். "எங்கள் தலைவர் இதை எப்போதும் செய்வாரா, எப்போதாவது செய்வாரா, செய்யவே மாட்டாரா?" என்று அவர் கீழ் வேலை செய்பவர்களிடமே கேட்டார்கள். இந்த இடம் நமக்கு மிகவும் பிடித்தது. பெரிய துரையிடம் கேட்காமல், வேலை செய்கிறவனிடம் கேட்டார்கள் அல்லவா!

விடைகளைக் கணக்குப் போட்டபோது எல்லாம் இரண்டு பெரிய பிரிவுகளில் அடங்கின. ஒன்று, வேலையை ஒழுங்குபடுத்துவது: யார் எதைச் செய்ய வேண்டும், எப்போது முடிக்க வேண்டும் என்று வரையறுப்பது. மற்றொன்று, ஆட்களிடம் பரிவு காட்டுவது: சொல்வதைக் கேட்பது, மதிப்பது, நம்புவது. இவை ஒரே கோட்டின் இரண்டு முனைகள் அல்ல. ஒன்று கூடினால் மற்றது குறைந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலையிலும் கண்டிப்பாக, ஆட்களிடமும் அன்பாக ஒருவர் இருக்கலாம். இரண்டும் இல்லாமலும் இருக்கலாம்.

இந்தக் கருத்துக்குப் படம் போட்டுக் காட்டியவர்கள் ராபர்ட் பிளேக், ஜேன் மூட்டன் என்ற இருவர். 1964-இல் அவர்கள் வெளியிட்ட நூல் 'நிர்வாகக் கட்டம்' என்ற பெயரால் புகழ் பெற்றது. சதுரக் கட்டம் ஒன்றை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். கிடைக்கோடு உற்பத்தி மேல் உள்ள அக்கறை. செங்குத்துக் கோடு மனிதர் மேல் உள்ள அக்கறை. இரண்டும் 1 முதல் 9 வரை. முதல் எண் எப்போதும் உற்பத்திக்கு, இரண்டாவது மனிதருக்கு. இதை மாற்றிப் படித்தால் கணக்கே தலைகீழாகிவிடும்.

இனி நம் போர்மன்களை அதில் நிறுத்துவோம். சத்தம் போட்டவர் 9,1. யார் மனமும் நோகக் கூடாது என்றவர் 1,9. பாதிக்குப் பாதி என்றவர் 5,5. கூட்டிப் பேசியவர் 9,9. அறைக்குள் உட்கார்ந்து எதையும் கண்டுகொள்ளாத ஐந்தாமவர் ஒருவர் இருந்தால் அவர் 1,1.

ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. "நான் சொன்னபடி செய், தீபாவளிக்குத் துணி எடுத்துத் தருகிறேன், மறுத்தால் ஒன்றும் கிடையாது" என்கிறவரைச் சிலர் 9,9 என்று நினைப்பார்கள். அந்த அன்பு கீழ்ப்படிதலுக்குக் கொடுக்கும் கூலி. பிளேக்கும் மூட்டனும் பிற்காலத்தில் இதற்குத் தந்தைவழி ஆட்சி என்று தனி இடமே கொடுத்தார்கள். பழைய காலத்துக் கங்காணிகள் சிலரை நம் பெரியவர்கள் இந்த இடத்தில் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். பிரித்தறிய ஒரு வழி, எதிர்த்து ஒரு சொல் சொன்ன ஆளுக்கு அடுத்த வாரம் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான்.

சரி, இந்தக் கட்டம் கதைதானா, அல்லது உண்மையில் அளந்து பார்த்தார்களா? 1962-இல் எட்வின் ஃப்ளீஷ்மன், எட்வின் ஹாரிஸ் என்ற இருவர் லாரி தயாரிக்கும் ஓர் அமெரிக்கத் தொழிற்சாலையில் 57 போர்மன்களைப் பற்றி அவரவர் ஆட்களிடமே கேட்டார்கள். பின்னர் ஒவ்வொரு குழுவிலிருந்தும் எழுத்து மூலம் எத்தனை புகார் வந்தது, எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்று எண்ணினார்கள்.

பரிவு மிகக் குறைந்த போர்மன்களின் குழுக்களில் புகார்கள் மிக அதிகம். அந்தப் போர்மன் கண்டிப்பைக் குறைத்துக்கொண்டாலும் அதனால் பெரிதாகப் பயன் இல்லை. பரிவு அதிகமுள்ள போர்மனோ கண்டிப்பைக் கூட்டினாலும் புகார்கள் அதிகம் ஏறவில்லை. அதே ஆணை, வேறு வாயிலிருந்து வந்தால் வேறு பொருள் கொள்கிறது. அன்புள்ள ஆள் "இன்றைக்கு முடித்துவிடுவோம்" என்று சொன்னால் அது வேலையைப் பற்றிய பேச்சு. வெறுப்புள்ள ஆள் சொன்னால் அது விரட்டல்.

இன்னொன்றும் தெரிந்தது. பரிவு ஓரளவு இருந்துவிட்டால், அதற்கு மேல் கூடக் கூடப் புகார் குறைந்துகொண்டே போகவில்லை. ஆகவே எல்லோரும் 9-ஐ எட்டித்தான் ஆக வேண்டும் என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. அத்துடன், எது காரணம், எது விளைவு என்பதும் இதில் தீராது. சதா புகார் சொல்லும் குழுவைப் பார்த்தே போர்மன் கடுமையானவராக ஆகியிருக்கலாம் அல்லவா?

முன்பும் ஃப்ளீஷ்மன் தொழிற்சாலைப் போர்மன்களை ஆராய்ந்திருந்தார். நேரம் நெருக்கும் உற்பத்திப் பிரிவுகளில், பரிவு குறைந்து கண்டிப்பு மிகுந்த போர்மனுக்கே மேலதிகாரிகள் "கெட்டிக்காரர்" என்று மதிப்பெண் போட்டார்கள். ஆட்கள் எடுத்த புகார்களையும் வராத நாட்களையும் அந்த மதிப்பெண்ணில் யாரும் சேர்க்கவில்லை.

அவர்களைச் சிகாகோவுக்கு அனுப்பி இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி முடிந்த அன்று பொதுவாகப் பரிவு கூடியிருந்தது. ஆனால் வேலைக்குத் திரும்பிச் சிறிது காலம் ஆனதும் அது தங்கவில்லை. பாடத்தைவிட, தம் தலைக்கு மேல் இருந்த அதிகாரி எப்படி நடந்துகொண்டார் என்பதே போர்மனின் நடத்தையைத் தீர்மானித்தது. கடுமையான அதிகாரியின் கீழ்த் திரும்பியவர் கடுமையாகவே ஆனார். பரிவுள்ள அதிகாரியின் கீழ்த் திரும்பியவர் கற்றதைக் காப்பாற்றிக்கொண்டார்.