நினைவூட்டல் வாசகச் சோதனை

முன்பதிவு செய்துவிட்டு வராமல் இருப்போரைக் குறைக்க, இரண்டு குறுஞ்செய்தி வாசகங்களில் எது உதவுகிறது என்று கண்டறியும் முறை. லண்டன் பார்ட்ஸ் ஹெல்த் மருத்துவமனைகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. வழக்கமான நினைவூட்டல் பெற்றோரில் 11.1% பேர் வரவில்லை. வராவிட்டால் பொது மருத்துவச் சேவைக்கு ஏறத்தாழ 160 பவுண்டு செலவாகும் என்ற வரியைச் சேர்த்தபோது இது 8.4% ஆனது. யாருக்கு எந்த வாசகம் என்பதைக் குலுக்கல் முறையே தீர்மானித்தது.

அந்தமானின் பாம்பூஃப்ளாட் சுகாதார நிலையத்தில் இதைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். இந்த வாரம் ஒரு வாசகம், அடுத்த வாரம் மற்றொன்று என்று அனுப்பினால், நோயாளிகள் வரும் சாத்தம் படகு மழையில் நின்றுபோன வாரத்தின் பழி ஏதோ ஒரு வாசகத்தின் தலையில் விழும். ஆகவே ஒரே நாள் நோயாளிகளையே குலுக்கிப் பிரிக்க வேண்டும். செய்தி போய்ச் சேராதவரையும் அவரவர் குழுவிலேயே எண்ண வேண்டும்.

வாசகத்துக்கு 100 பேர் என்றால் 11க்கும் 8க்கும் இடையே மூன்றே பேர். இரு குழுவினருக்கும் ஒரே வாசகத்தை அனுப்பினாலும் இந்த வேறுபாடு தற்செயலாக வரக்கூடும். லண்டனில் ஒவ்வொரு வாசகத்துக்கும் சுமார் 2,500 முன்பதிவுகள் இருந்தன. சிறிய நிலையம் பல மாதம் பொறுத்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.